உயரத்துக்கு ஏற்ற எடை: உங்கள் வரம்பை நீங்களே கணக்கிடுங்கள்

"வெயிட்டைக் கொஞ்சம் குறைங்க" என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். எத்தனை கிலோ, எதுவரை என்று விளக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் நம் ஊரில் அதிகம் புழங்குவது, சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து நூறைக் கழிப்பது. 170 சென்டிமீட்டர் உயரமா, 70 கிலோ இருக்கலாம் என்பார்கள். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பால் புரோகாவின் பெயரால் வழங்கும் பழைய விதி அது. சுமார் 156 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு அது சரியான மேல் எல்லையைத் தற்செயலாகத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் உயரம் கூடக் கூட, அந்த விதி தாராளமாகிக்கொண்டே போகிறது. 180 சென்டிமீட்டர் உயரமானவருக்கு 80 கிலோ வரை இடம் கொடுக்கிறது. இந்த அத்தியாயத்தின் முடிவில் அவருடைய மேல் எல்லை 74 கிலோ என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

இன்னொரு குறையும் அந்த விதியில் உண்டு. அது ஒரே ஓர் எண்ணைத் தருகிறது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவர் 48 கிலோவிலும் மற்றவர் 56 கிலோவிலும் நலமாக இருக்க முடியும். நமக்குத் தேவை ஓர் எண் அல்ல. கீழே ஓர் எல்லையும் மேலே ஓர் எல்லையும் உள்ள வரம்பு. அதைப் பி.எம்.ஐ. என்னும் அளவிலிருந்து எடுக்கிறோம்.

பி.எம்.ஐ. என்ன சொல்கிறது?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் ஒருமுறை வகுத்து, வருவதை மறுபடியும் அதே உயரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பி.எம்.ஐ. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர் 1830களில் மனித உடல் அளவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். வளர்ந்த மனிதர்களிடையே எடையானது ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று அவர் கண்டார். அதனால்தான் இரண்டு முறை வகுக்கிறோம். 1972இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸும் அவருடைய சகாக்களும் இந்த அளவுக்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள்.

பெரும்பாலானவர்கள் தங்கள் பி.எம்.ஐ. எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். "எனக்கு 25.8" என்கிறார்கள். அதை வைத்து என்ன செய்வது என்பது தெரிவதில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயன். எல்லையாக உள்ள பி.எம்.ஐ.யை எடுத்து, உங்கள் உயரத்தால் இரண்டு முறை பெருக்குங்கள். அந்த எல்லை உங்கள் உடலில் எத்தனை கிலோ என்பது வந்துவிடும்.

எடை எல்லை = பி.எம்.ஐ. எல்லை × உயரம் × உயரம்

முழு அத்தியாயமும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. இதில் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும்: உயரத்தைச் சரியாக அளப்பது, சரியான எல்லையைத் தேர்ந்தெடுப்பது.

முதல் படி: உயரத்தை இன்று அளந்து பாருங்கள்

பத்தாம் வகுப்பில் எழுதிய உயரமோ, ஓட்டுநர் உரிமத்துக்காக வாயால் சொன்ன உயரமோ வேண்டாம். இந்தக் கணக்கில் உயரம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதில் உள்ள பிழையும் இரட்டிப்பாகிறது. உயரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கூட்டிச் சொன்னால், எடை எல்லை நூற்றுக்கு இரண்டு பங்கு கூடிவிடும். 157.5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் செருப்போடு அளந்து 160 என்று வைத்துக்கொண்டால், அவருடைய மேல் எல்லை 57 கிலோவிலிருந்து கிட்டத்தட்ட 59 கிலோவாக ஏறிவிடும்.

அளப்பதற்குச் சுவரும், ஒரு தடித்த புத்தகமும், தையல் டேப்பும் போதும். சுவரடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்பட்டை இல்லாத இடமாகப் பாருங்கள். கதவு நிலை நல்ல இடம். செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டையையோ உயர்த்திக் கட்டிய பின்னலையோ அவிழ்த்துவிட்டு, குதிகால், புட்டம், முதுகு மூன்றும் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். பார்வை நேர் எதிரே இருக்கட்டும். மோவாயைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் அளவு மாறும். இன்னொருவர் புத்தகத்தின் ஒரு விளிம்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, தலையுச்சியில் படும்வரை இறக்கி, அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போடட்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு முறை செய்து பார்த்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். பகலெல்லாம் நின்று நடந்த பிறகு முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அழுந்துவதால், மாலையில் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையக்கூடும். காலையில் அளப்பது நல்லது.

இரண்டாம் படி: அடியையும் அங்குலத்தையும் மீட்டராக்குவது

நாம் உயரத்தை "அஞ்சு ரெண்டு", "அஞ்சு ஏழு" என்றுதான் சொல்கிறோம். இதை மீட்டராக்கும் இடத்தில்தான் மிகப் பெரிய பிழை நேர்கிறது. ஐந்து அடி இரண்டு அங்குலத்தைச் சிலர் 5.2 என்று எழுதி, 5.2 அடியாகவே கணக்கிடுகிறார்கள். ஓர் அடிக்குப் பத்து அங்குலம் அல்ல, பன்னிரண்டு அங்குலம். ஐந்து இரண்டில் இந்தத் தவறு ஒரு சென்டிமீட்டர் அளவோடு போய்விடும். ஐந்து அடி பத்து அங்குலம் உள்ளவர் 5.10 என்று தட்டினால் கால்குலேட்டர் அதை 5.1 அடி என்று எடுத்துக்கொண்டு 155 சென்டிமீட்டர் ஆக்கிவிடும். அவருடைய உண்மையான உயரம் 177.8. மேல் எல்லையில் 17 கிலோ வேறுபாடு வந்துவிடும். ஒல்லியாக உள்ள உயரமான இளைஞருக்கு "உடல் பருமன்" என்று ஒரு கைபேசிச் செயலி சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் புள்ளியைத்தான்.

சரியான வழி எளிது. எல்லாவற்றையும் அங்குலமாக்கி, 2.54 ஆல் பெருக்குங்கள். சென்டிமீட்டர் கிடைக்கும். அதை நூறால் வகுத்தால் மீட்டர்.

இங்கிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோவோம். மளிகைக் கடை நடத்தும் 42 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் ஐந்து அடி இரண்டு அங்குலம். எடை 64 கிலோ. நாளின் பெரும்பகுதி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து அடிக்கு 60 அங்குலம், அதோடு 2 சேர்த்தால் 62. அதை 2.54 ஆல் பெருக்கினால் 157.48. இதை 157.5 சென்டிமீட்டர், அதாவது 1.575 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஒரு புள்ளிக்கு எத்தனை கிலோ?

உயரத்தை உயரத்தாலேயே பெருக்குங்கள்.

1.575 × 1.575 = 2.48

இந்த 2.48 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்வேன். பி.எம்.ஐ. ஒரு புள்ளி கூடினால் இவருடைய உடலில் கூடுவது 2.48 கிலோ. ஒரு புள்ளி குறைந்தால் குறைவதும் அதே 2.48 கிலோதான். உயரம் மாறாத வரை இந்த எண்ணும் மாறாது. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், இதன் பின் எந்த எல்லையைப் பற்றிப் பேசினாலும் ஒரே ஒரு பெருக்கலில் கிலோவுக்கு வந்துவிடலாம்.

விடை சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எண் 2க்கும் 3.5க்கும் இடையில்தான் விழும். 24806 என்று வந்தால் சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்துவிட்டீர்கள். 1.575 என்றே நின்றால் பெருக்கவே இல்லை. 3.15 வந்தால் தன்னோடு பெருக்குவதற்குப் பதிலாக இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள். இந்தக் கடைசித் தவறுதான் ஆபத்தானது. விடை நியாயமான எண் போலவே தோன்றுவதால் கண்ணில் படாமல் போய்விடும்.

நான்காம் படி: எந்த எல்லை நமக்கு உரியது?

உலக சுகாதார நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் பொது எல்லைகள் 18.5உம் 25உம். 18.5க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு. 25ஐத் தொட்டால் அதிக எடை. 30ஐத் தொட்டால் உடல் பருமன். பெரும்பாலான செயலிகளும், எடை பார்க்கும் மெஷின்களில் ஒட்டியிருக்கும் வண்ண அட்டைகளும் இந்த எண்களையே வைத்திருக்கின்றன. ஆனால் இவற்றை வகுக்க உதவிய தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடமிருந்து வந்தது.

நம் உடல்வாகு வேறு. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நம்மவருக்குச் சராசரியாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றில்தான் கூடுதலாகச் சேர்கிறது. இதை ஒரே படத்தில் காட்டியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். 2004இல் லான்செட் இதழில் அவர்கள் இருவரும் அருகருகே நிற்கும் படம் வெளிவந்தது. இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3தான். யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு. யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பி.எம்.ஐ. கொழுப்பை அளப்பதில்லை, எடையை மட்டுமே அளக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதன் விளைவு சர்க்கரை நோயில் தெரிகிறது. நம் மக்களுக்கு அந்த நோய் இளம் வயதிலேயே, குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. சென்னையைச் சேர்ந்த சினேகலதா, விசுவநாதன், ராமச்சந்திரன் ஆகியோர் இந்திய நகரவாசிகளின் தரவை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, பி.எம்.ஐ. 23க்குக் கீழே இருப்பதே இந்தியருக்கு நலமான எல்லை என்று கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் இந்தக் கேள்வியைப் பரிசீலித்து 2004இல் தன் முடிவை வெளியிட்டது. பொது எல்லைகளை அது மாற்றவில்லை; ஆசிய மக்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்த பொது உடன்பாடு இன்னும் கண்டிப்பானது: 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன்.

ஆகவே இந்தியா, இலங்கை மண்ணைச் சேர்ந்த வளர்ந்தவர்களுக்குக் கீழ் எல்லை 18.5, மேல் எல்லை 23 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியேறி இருந்தாலும் இதேதான். ஊர் மாறியதால் உடல்வாகு மாறிவிடுவதில்லை. 23ஐத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே நிற்பதே சரி.

ஐந்தாம் படி: இரண்டு பெருக்கல்

நம் மளிகைக்கடைப் பெண்ணின் எண் 2.48.

கீழ் எல்லை: 18.5 × 2.48 = 45.9 கிலோ
மேல் எல்லை: 23 × 2.48 = 57.0 கிலோ

தசமத்தைத் தூக்கிப்போடும்போது வரம்புக்கு உள்பக்கமாகவே போக வேண்டும். கீழ் எல்லையை மேலே ஏற்றி 46 ஆக்குங்கள். மேல் எல்லை 57ஐ ஒரு நூலிழை தாண்டித்தான் இருப்பதால் 57 என்றே வைத்துக்கொள்ளலாம். அவருடைய வரம்பு 46 முதல் 57 கிலோ வரை. பதினொரு கிலோ அகலமான வரம்பு அது. அதற்குள் எங்கே நின்றாலும், மற்ற பரிசோதனைகள் சரியாக இருந்தால், எடையைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. நட்டநடுவான 51.5 கிலோவுக்கு இறங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உங்கள் விடையை ஒத்துப்பார்க்க ஒரு சிறு அட்டவணை தருகிறேன். எல்லா எண்களையும் வரம்புக்கு உள்பக்கமாகவே முழுமையாக்கியிருக்கிறேன். உங்கள் உயரம் இரண்டு வரிகளுக்கு இடையில் இருந்தால் விடையும் இடையில்தான் வர வேண்டும்.

| உயரம் (செ.மீ.) | கீழ் எல்லை (கிலோ) | மேல் எல்லை (கிலோ) |
|---|---|---|
| 145 | 39 | 48 |
| 150 | 42 | 51 |
| 155 | 45 | 55 |
| 160 | 48 | 58 |
| 165 | 51 | 62 |
| 170 | 54 | 66 |
| 175 | 57 | 70 |
| 180 | 60 | 74 |

ஆறாம் படி: இன்றைய எடை எங்கே நிற்கிறது?

மருந்துக்கடை வாசலிலோ ரயில் நிலையத்திலோ, செருப்பும் கைப்பையுமாக, சாப்பிட்ட கையோடு பார்த்த எடை இந்தக் கணக்குக்கு ஆகாது. ஒரே நாளில் உணவும் நீரும் சேர்ந்து எடையை ஒன்று, இரண்டு கிலோ அளவுக்கு ஏற்றி இறக்கக்கூடும். முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமுமாக உப்புத் தூக்கலாகச் சாப்பிட்டிருந்தாலும், பெண்களுக்கு மாதவிலக்கு நெருங்கும் நாட்களிலும், உடலில் நீர் தங்கி எடை கூடித் தெரியும். காலையில் கழிப்பறை போய் வந்தபின், எதுவும் சாப்பிடுவதற்கு முன், மெல்லிய உடையில் பாருங்கள். எடை மெஷினைக் கால்மிதி மேலோ பாய் மேலோ வைக்காதீர்கள்; கெட்டியான சமதரையில் வைத்தால்தான் சரியாகக் காட்டும். ஏறுவதற்கு முன் அது சுழியில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டுப் பெண் இப்படிப் பார்த்தும் 64 கிலோதான். 64ஐ 2.48 ஆல் வகுத்தால் 25.8. வரம்பின் மேல் எல்லையை அவர் ஏழு கிலோ தாண்டியிருக்கிறார். முதலில் மருத்துவர் சொன்ன "கொஞ்சம்" என்பதன் அளவு இப்போது தெரிந்துவிட்டது.

ஏழு கிலோவையும் ஒரே இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றில் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும் என்பது பல ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. 64இல் ஐந்து விழுக்காடு 3.2 கிலோ. ஆகவே அவருடைய முதல் நிறுத்தம் சுமார் 61 கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைந்தால் ஒன்றரை மாதத்தில் அங்கே வந்துவிடலாம். அதைவிட வேகமாக இறங்கினால் கொழுப்போடு தசையும் கரையும். ஏற்கெனவே தசை குறைவான உடலுக்கு அது நல்லதல்ல. 61 கிலோவில் அவருடைய பி.எம்.ஐ. 24.6. பொது எல்லையை வைத்திருக்கும் செயலி அங்கேயே பச்சை நிறம் காட்டி "நார்மல்" என்று சொல்லிவிடும். அதை நம்பி நின்றுவிடக் கூடாது. அவருக்கு இன்னும் நான்கு கிலோ பாக்கி இருக்கிறது. செயலியில் ஆசிய அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால், தாளில் எழுதிய 46, 57 என்ற எண்களையே பாருங்கள்.

ஏழாம் படி: டேப்பால் ஒரு சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். யாஜ்னிக், யுட்கின் படம் காட்டியதுபோல், வரம்புக்குள் இருக்கும் எடை எல்லாம் நல்ல எடை ஆகிவிடாது.

அதே பெண்ணின் கணவரை எடுத்துக்கொள்வோம். வயது 46, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. 1.72ஐ 1.72 ஆல் பெருக்கினால் 2.958. கீழ் எல்லை 54.7, மேல் எல்லை 68.0. அவர் மயிரிழையில் வரம்புக்குள் இருக்கிறார். பி.எம்.ஐ. 22.99. கைகால் மெலிந்தவர். சட்டை போட்டுக்கொண்டு நின்றால் பருமன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 34 அளவு பேன்ட் போடுவதால், தன் வயிறும் 34 அங்குலம்தான், அதாவது 86 சென்டிமீட்டர்தான் என்று நினைத்திருக்கிறார்.

பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. நாம் அளக்க வேண்டியது அதற்கு மேலே. விலாவின் பக்கவாட்டில் கடைசி எலும்பு முடியும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இந்த இரண்டுக்கும் நட்டநடுவில் தையல் டேப்பைச் சுற்ற வேண்டும். பலருக்கு அது தொப்புளுக்கு அருகில் வரும். துணிக்கு மேல் வேண்டாம். டேப் முதுகுப்பக்கம் தொங்காமல் தரைக்குச் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டபின், தோலில் படியும் அளவுக்கு மட்டும் டேப்பைப் பிடித்து எண்ணைப் படியுங்கள்.

நம் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இன்னொரு சுலபமான அளவுகோலும் உண்டு: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இந்தக் கணவருக்கு வந்தது 96. எல்லையைவிட ஆறு சென்டிமீட்டர் அதிகம். உயரத்தில் பாதியான 86ஐவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். எடை மெஷின் சரி என்று சொன்ன உடலை டேப் சரி இல்லை என்கிறது. இப்படி இரண்டும் முரண்பட்டால் நான் டேப்பின் பக்கம்தான் நிற்பேன். கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் நெருக்கமானது. அதைத் தொட்டுக் காட்டுவது வயிற்றுச் சுற்றளவு. இவர் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். இலக்காக எடையை வைக்காமல் சுற்றளவை வைக்க வேண்டும். நடையோடு சேர்த்துத் தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் தேவை. அப்படிச் செய்தால் எடை 66, 65 என்று மெதுவாகவே இறங்கினாலும் வயிறு முன்னதாகவே குறைந்து காட்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். அதே 172 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கபடி வீரர் 76 கிலோ இருக்கலாம். பி.எம்.ஐ. 25.7. வயிற்றுச் சுற்றளவு 80 என்றால், கூடுதலாக இருப்பது பெரும்பாலும் தசை. அவர் எட்டுக் கிலோ குறைக்கப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஆனால் "என் உடம்பு எல்லாம் தசைதான்" என்று சொல்லிக்கொள்பவர்கள் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டே அதைச் சொல்ல வேண்டும்.

மளிகைக்கடைப் பெண்ணுக்கு டேப் காட்டியது 86. எடையும் டேப்பும் ஒரே தீர்ப்பைச் சொல்வதால் அவருடைய இலக்கில் குழப்பம் இல்லை.

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது?

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு இதைப் போடவே கூடாது. வளரும் பிள்ளைகளின் பி.எம்.ஐ. வயதோடு மாறும். பத்து வயதுக் குழந்தைக்கு 16 என்பது இயல்பான எண். அதைப் பார்த்துப் பயந்து உணவைத் திணிப்பதும், பருவ வயதுப் பெண்ணுக்கு மேலே உள்ள அட்டவணையைக் காட்டிச் சோற்றைக் குறைப்பதும் தவறு. வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி வரைபடம் குழந்தை மருத்துவரிடம் இருக்கும். கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிப்பதற்கு முன் இருந்த எடையை வைத்தே கணக்கிட வேண்டும். எவ்வளவு கூடலாம் என்பதை மருத்துவர் அதிலிருந்துதான் முடிவு செய்வார். இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோயால் உடலில் நீர் கோத்திருப்பவர்களின் எடையில் நீரும் சேர்ந்திருப்பதால், அவர்களுக்கு இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

முதியவர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். வயதாக ஆக முதுகெலும்பு தேய்ந்து கூன் விழுவதால் உயரம் குறைகிறது. இளமையில் 165 சென்டிமீட்டர் இருந்தவர் எழுபதுகளில் 160 ஆகியிருக்கலாம். இன்றைய உயரத்தை வைத்தால் மேல் எல்லை 58 கிலோ. பழைய உயரத்தை வைத்தால் 62. எலும்பு தேய்ந்ததற்காக அவர் நான்கு கிலோ குறைக்க வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. இளமையில் இருந்த உயரம் உறுதியாகத் தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். இந்த வயதில் மேல் எல்லையைவிடக் கீழ் எல்லையைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். முதியவர் மெலிந்தால் முதலில் போவது தசை. தசை போனால் விழுவது அதிகமாகிறது. விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. வரம்பைச் சற்றே தாண்டியிருக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டி நன்றாக நடமாடிக்கொண்டு, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால், அவரை எடை குறைக்கச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

எந்த வயதிலும் பொருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. முயற்சி எதுவும் செய்யாமலே, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால், இறங்கி வந்த இடம் வரம்புக்குள்ளேயே இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 60 கிலோ இருந்தவர் 56க்கு வந்திருந்தால் "நல்லதாப் போச்சு" என்று விட்டுவிடக் கூடாது. தெரியாமல் இருக்கும் சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். இதற்காகத்தான் வரம்போடு இன்றைய எடையையும், வயிற்றுச் சுற்றளவையும், அளந்த தேதியையும் ஒரே தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள்.